வெங்காய நடுகைக்கு ஏற்ற கிழமையைத் தெரிதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் மாரிமழை ஓய்ந்ததும் சின்ன வெங்காயம் நடுவது வழக்கம். விதைவெங்காயம் விலை மிகுந்த பொருள். நட்ட முதல் 2 கிழமைகளில் மண் நீரில் ஊறிக் கிடந்தால் நட்ட குமிழ்கள் அழுகிப் போகும். மழைக்கு அஞ்சி நடுகையைப் பின்தள்ளிக்கொண்டே போனால், வெங்காயம் கிண்டும் நாள் பங்குனிக் கடைசியில் வரும் இடிமழையில் அகப்படும்; கிணற்று நீரும் அப்போது குறைந்து, சில இடங்களில் உவர்ப்பும் ஏறும். ஆகவே நடுகைக் கிழமைக்கு ஓர் எல்லை முன்னும், ஓர் எல்லை பின்னும் உண்டு. அவ்விரண்டுக்கும் இடையே எந்தக் கிழமை ஏற்றது என்பதைக் காலநிலை அட்டவணையையும் வானிலை அறிக்கையையும் கொண்டு தெரியும் முறை இங்கே விளக்கப்படுகின்றது.

அட்டவணையும் அறிக்கையும்

காலநிலை அட்டவணை கடந்த பல ஆண்டுகளின் கணக்கு. இந்தக் கிழமையில் வழக்கமாக என்ன நிகழ்ந்தது என்பதை அது கூறும். இவ்வாண்டு என்ன நிகழும் என்பதைக் கூறாது. வானிலை அறிக்கையோ வரப்போகும் சில நாட்களைப் பற்றியது. அடுத்த 2, 3 நாட்களுக்கு அதனைப் பெரும்பாலும் நம்பலாம். ஒரு கிழமைக்கு அப்பால் அதன் உறுதி தேய்ந்துவிடும். எனவே பாத்தி கட்டுவதற்கும் விதைவெங்காயம் வாங்குவதற்கும் கிழமையைக் குறிக்க அட்டவணையும், அக்கிழமையுள் நடும் நாளைக் குறிக்க அறிக்கையும் உதவும். ஒன்றின் வேலையை மற்றதற்குக் கொடுப்பதே பலருடைய பிழைக்குக் காரணம்.

மழை நாட்களை எண்ணுதல்

அட்டவணையில் முதலில் கண்ணிற்படுவது மாத மழைவீழ்ச்சி. வெங்காயத் தோட்டத்திற்கு அது மட்டும் போதாது. ஒரே நாளில் 60 மில்லிமீற்றர் பெய்து மறுநாள் வெயில் எறித்தால், வடிகால் நன்கு அமைந்த செம்மண் அந்நீரை விரைவில் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே 60 மில்லிமீற்றர் 6 நாட்களாகப் பிரிந்து தூறினால் மண் காய்வதற்கு இடமே இல்லை. குமிழும் இலையும் இடைவிடாது ஈரத்தில் நிற்கும். குமிழ் அழுகலுக்கும் இலை நோய்க்கும் வழிவிடுவது இந்த இரண்டாவது மழையே. ஆதலால் மழையின் அளவோடு மழை நாட்களின் தொகையையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

இரண்டு செய்திகளை மறவாதிருத்தல் நன்று. எத்தனை மில்லிமீற்றர் பெய்தால் அது மழை நாள் எனக் கொள்ளப்படும் என்பது அட்டவணைக்கு அட்டவணை வேறுபடலாம். வேறு வேறு அளவு கொண்ட இரண்டு அட்டவணைகளை ஒப்பிடுதல் கூடாது. மேலும், மழைமானி காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகின்றது. 15ஆந் திகதி காலையில் அளந்த மழையிற் பெரும்பகுதி 14ஆந் திகதி பகலிலும் இரவிலும் பெய்ததாகும்.

சராசரியை நம்பி ஏமாறுதலும் உண்டு. ஓர் ஆண்டு வந்த பெருமழை பல ஆண்டுகளின் சராசரியை உயர்த்திவிடும். 2008 ஆம் ஆண்டு கார்த்திகையில் 'நிஷா' சூறாவளியோடு வந்த மழை அத்தகையது. ஆதலால் 'சராசரி எவ்வளவு' என்று பார்ப்பதிலும், '20 ஆண்டுகளில் எத்தனை ஆண்டுகள் இக்கிழமை நனைந்திருந்தது' என்று எண்ணுவதே பயன் தரும்.

ஈரப்பதன்

காற்றிலுள்ள நீராவி, அவ்வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதே சாரீரப்பதன். வெப்பம் ஏற இது குறையும். வெப்பம் தணிய இது கூடும். ஆகையால் விடியற்காலையில் மிகுந்தும் பிற்பகலில் குறைந்தும் இருக்கும். காலையில் 95, பிற்பகலில் 65 என்றிருக்கும் நாளின் சராசரி 80. காலையில் 84, பிற்பகலில் 76 என்றிருக்கும் நாளின் சராசரியும் 80. முதல் நாளில் இலைகளில் பனி படியும். இரண்டாம் நாளில் அது படிவது அரிது. சராசரி ஒன்றாயினும் பயிருக்கு இரு நாளும் ஒன்றல்ல. எனவே அட்டவணையிற் காலைப் பதனும் பிற்பகற் பதனும் தனித்தனியே தரப்பட்டிருப்பின் இரண்டையும் பார்த்தல் வேண்டும்.

ஊதாப் பொட்டு நோயை உண்டாக்கும் பங்கசு, இலை பல மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்கும்போதே உள்ளே புகும். இலை திருகல் நோயின் வித்திகள் மழைத்துளி தெறிப்பதனால் செடிக்குச் செடி தாவும். தை, மாசி மாதங்களில் மழை குறைந்தாலும், முகிலற்ற அமைதியான இரவுகளில் பனி மிகுதியாகப் படியும். பனி காலை 8 மணிக்கு முன் உலர்ந்துவிடுகின்றதா, 10 மணி வரை நிற்கின்றதா என்பதைத் தோட்டத்திற்குச் சென்று இலையைத் தொட்டுப் பார்த்து அறியலாம். பனி நெடுநேரம் நிற்கும் காலத்தில் மாலையில் நீர் பாய்ச்சினால் இலை நனைந்திருக்கும் நேரம் இன்னும் நீளும். காலையிலேயே பாய்ச்சுதல் வேண்டும்.

பகல் நேரமும் வெயில் நேரமும்

இவை இரண்டும் வேறு. சூரியன் எழுவது முதல் மறைவது வரையுள்ளது பகல் நேரம். அது ஆண்டுதோறும் மாறாதது. யாழ்ப்பாணத்தில் மார்கழிக் கடைசியில் சுமார் 11½ மணி. மாசிக் கடைசியில் ஏறக்குறைய 12 மணி. ஆனிக் கடைசியில் 12¾ மணிக்குச் சற்றுக் குறைவு. வெயில் நேரம் என்பது முகில் மறைக்காது சூரியன் எறித்த நேரம். அது நாளுக்கு நாள் மாறும்.

பெரிய வெங்காயம் குமிழ் கட்டுவதற்குப் பகல் நேரம் குறித்த அளவை எட்டுதல் வேண்டும். ஆதலால் அதன் வகையைத் தெரிவதிலும் காலத்தைத் தெரிவதிலும் பகல் நேரத்தைக் கவனிக்க வேண்டும். இங்கு நெடுங்காலமாக நடப்பட்டுவரும் சின்ன வெங்காயமோ இந்நாட்டுப் பகல் நேரத்திற்குப் பழகியது. மார்கழிக் கடைசிக்கும் தை நடுப்பகுதிக்கும் இடையே பகல் சில நிமிடங்களே நீளுகின்றது. அதைக் கொண்டு கிழமையைத் தெரிய வேண்டியதில்லை. வெயில் நேரத்தையே பார்த்தல் வேண்டும். முகில் மூடிய நாட்கள் தொடர்ந்தால் இலை மெலிந்து, மண் காயாது, குமிழும் சிறுக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

கோப்பாய்ப் பகுதிச் செம்மண்ணில் 4 பரப்பில் வெங்காயம் நட விரும்பும் ஒரு கமக்காரரை எடுத்துக்கொள்வோம். அவருடைய விதைவெங்காயம் 65 நாட்களில் கிண்டத்தக்கது. நடுவதற்கு 4 கிழமைகள் அவருடைய எண்ணத்தில் உள்ளன. கீழே தரப்படும் எண்கள் கணக்கைப் பழகுவதற்காக அமைக்கப்பட்டவை. தத்தம் இடத்துக்குரிய எண்களை அண்மையிலுள்ள மழைமானி நிலையத்தின் பதிவிலிருந்து பெற்றுக்கொள்ளல் வேண்டும்.

அவர் 20 ஆண்டுப் பதிவை எடுத்து, 3 அல்லது அதற்கு மேற்பட்ட மழை நாட்கள் வந்த கிழமையை 'ஈரக் கிழமை' எனக் குறிக்கின்றார்.

மார்கழி 10இல் தொடங்கும் கிழமை 20 ஆண்டுகளில் 14 ஆண்டுகள் ஈரம். மார்கழி 24இல் தொடங்குவது 9 ஆண்டுகள். தை 7இல் தொடங்குவது 5 ஆண்டுகள். தை 21இல் தொடங்குவது 3 ஆண்டுகள்.

இதனை மட்டும் பார்த்தால் தை 21 சிறந்ததாகத் தோன்றும். ஆனால் அவர் 65 நாட்களைக் கூட்டி, கிண்டும் கிழமையையும் பார்க்கின்றார். மார்கழி 10இல் நட்டது மாசி 13இல் கிண்டப்படும். அக்கிழமை 3 ஆண்டுகள் ஈரம். மார்கழி 24இல் நட்டது மாசி 27இல் வரும், 2 ஆண்டுகள். தை 7இல் நட்டது பங்குனி 13இல் வரும், 3 ஆண்டுகள். தை 21இல் நட்டது பங்குனி 27இல் வரும், 7 ஆண்டுகள். (மாதங்கள் ஆங்கிலத் திகதிப்படி: மார்கழி டிசெம்பர், தை சனவரி, மாசி பெப்ருவரி, பங்குனி மார்ச்.)

கிண்டிய வெங்காயம் இலையோடு சில நாட்கள் உலர்தல் வேண்டும். அப்போது நனைந்தால் கழுத்து அழுகி, சேமிப்பில் நில்லாது. ஆகவே தை 21ஐ அவர் விலக்குகின்றார். மார்கழி 10இல் பத்து ஆண்டுகளில் ஏழு ஆண்டுகள் நட்டம் வரத்தக்கது, அதனையும் விலக்குகின்றார். மார்கழி 24க்கும் தை 7க்கும் இடையில், கிண்டும் கிழமையின் வேறுபாடு ஓர் ஆண்டே. நடும் கிழமையின் வேறுபாடு 4 ஆண்டுகள். தை 7ஆந் திகதிக் கிழமையே தெரிவாகின்றது. கிணறு பங்குனிக்கு முன்பே வற்றும் தோட்டமாயின் முடிவு மாறலாம். அவ்விடத்தில் மார்கழி 24ஐக் கொண்டு, பாத்தியை உயர்த்தி வடிகாலை ஆழமாக்குதலே தகும்.

நடும் நாளைக் குறித்தல்

தை 5ஆந் திகதி முதல் அவர் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை நாள்தோறும் கேட்கின்றார். 'சில இடங்களில் மழை' என்பது சிறிது நேர மழை என்பதன்று. மாகாணத்தின் சில இடங்களில் மட்டும் மழை என்பதாகும். 'பல இடங்களில்' என்று வந்தால் தம் தோட்டமும் நனையும் எனக் கொள்ளல் நன்று. வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் தாழமுக்கம் உருவாகின்றது என்ற செய்தி வந்தால், அது எங்கே செல்லும் என்பது தெளியும் வரை நடுகையை நிறுத்துதல் வேண்டும். 2023 ஆம் ஆண்டு பெப்ருவரித் தொடக்கத்திலும் ஒரு தாழமுக்கம் கிழக்குக் கரையை அடைந்தது. வழக்கமாக வரண்ட காலத்திலும் இவ்வாறு நிகழக்கூடும்.

அடுத்த 3 நாட்களுக்குப் பெருமழை இல்லையென அறிக்கை கூறினால், இறுதியாக மண்ணைப் பார்த்தல் வேண்டும். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் இறுக்கி, விரலால் தட்டினால் உருண்டை உதிர வேண்டும். விரலில் ஒட்டிப் பிசைந்து நின்றால், வானம் வெளித்திருந்தாலும் 2 நாள் பொறுத்தல் நன்று.

நட்ட பின் மழை வந்தால்

தெரிந்தெடுத்த கிழமையும் 20இல் 5 ஆண்டுகள் பொய்க்கும். எனவே வடிகாலை நடுகைக்கு முன்பே வெட்டி வைத்தல் வேண்டும். மழை விட்டும் வாய்க்காலில் நீர் நின்றால் உடனே திறந்துவிடுதல் வேண்டும். முளை வராத இடத்தில் ஒன்றிரண்டு குமிழ்களைக் கிளப்பிப் பார்த்தால் நிலைமை தெரியும். அடித்தட்டு உறுதியாக, வெள்ளை வேர் விட்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மென்மையாகி நாற்றம் வீசினால் அக்குமிழ்களை அகற்றி, மண் உலர்ந்தபின் அவ்விடத்தை நிரப்புதல் வேண்டும். இதற்கென விதைவெங்காயத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி வைத்திருத்தல் முன்யோசனையாகும்.

ஒவ்வோராண்டும் நட்ட நாள், மழை நாட்கள், பனி உலர்ந்த நேரம், கிண்டிய நாள், கிடைத்த நிறை என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், சில ஆண்டுகளில் அத்தோட்டத்திற்கே உரிய அட்டவணை ஒன்று உருவாகிவிடும். தொலைவிலுள்ள நிலையத்தின் பதிவு தம் தோட்டத்திற்கு எவ்வளவு பொருந்துகின்றது என்பதையும் அக்கொப்பியே காட்டும்.