பலகை கடத்தும் நோய்

விடுமுறை நாளொன்றில் ஒரு வீட்டில் கோழிக்குழம்பும் வெள்ளரிக்காய்ப் பச்சடியும் நண்பகல் உணவாயின. மறுநாள் விடியலில் பிள்ளைகள் இருவருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டன. கோழி சரியாக வேகவில்லை என்றே வீட்டார் எண்ணினர். ஆயினும், குழம்பை உண்டு பச்சடியைத் தவிர்த்த பாட்டி நலமாகவே இருந்தார். பச்சடியை உண்டவர் பிள்ளைகள் இருவர் மட்டுமே.

நோயின் காரணம் நறுக்கும் பலகையில் இருந்தது. பச்சைக் கோழி இறைச்சியில் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா இருக்கக்கூடும். இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியசு வெப்பத்தை எட்டினால் அஃது அழிந்துவிடும். குழம்பில் அவ்வாறே அழிந்தது. ஆனால், கோழியை வெட்டிய பலகை தண்ணீரால் மட்டும் அலசப்பட்டு, அதன்மேலேயே வெள்ளரிக்காய் நறுக்கப்பட்டது. கத்தி பதிந்த கீறல்களில் தங்கிய கிருமிகள் காய்க்கு மாறின. பச்சடி அடுப்பேறுவதில்லை, எனவே, அவை உயிருடனேயே உடலுள் சென்றன. நிறமோ மணமோ சுவையோ மாறாமையால் எவரும் ஐயுறவில்லை. இந்நோய் பெரும்பாலும் உண்ட 6 மணி நேரத்திற்குப் பின், 6 நாள்களுக்குள் வெளிப்படும்.

பச்சையாக உண்ணும் காய்களை முதலில் நறுக்கி மூடிவைத்து, அதன்பின் கோழியை வெட்டுதல் வேண்டும். தனித்தனிப் பலகைகள் இருப்பின் மேலும் நன்று. பலகை, கத்தி, கை ஆகியவற்றைச் சோப்பிட்டு வெந்நீரால் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். குழாயடியில் கோழியை அலசுகையில் தெறிக்கும் நீர்த்துளிகளும் கிருமிகளைப் பரப்பும். ஆதலின், காய்களை அங்கிருந்து அகற்றிவைத்தல் இன்றியமையாதது.