ஒரு பாயின்ட் என்றால் எத்தனை மணி நேரம்?

நம்பிக்கை: ஒரு ஸ்டோரி பாயின்ட் என்பது எட்டு மணி நேர வேலை.

உண்மை: இப்படி ஓர் அட்டவணை போட்ட உடனே பாயின்ட்டுக்கு அர்த்தம் போய்விடுகிறது, மிஞ்சுவது வேறு பெயரில் மணிக்கணக்குதான். பாஸ்வேர்டை மாற்றும் பக்கத்தைப் பழகிய கை நான்கு மணி நேரத்தில் முடிக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒன்றரை நாள் ஆகும். எத்தனை மணி நேரம் என்று கேட்டால் இருவரும் ஒத்துப்போக மாட்டார்கள். ஆனால் ரீஃபண்ட் வசதி அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிய வேலை என்றால் இருவரும் தலையாட்டுவார்கள். அந்த ஒப்பீட்டைத்தான் பாயின்ட் சொல்கிறது.

சரி, வாடிக்கையாளருக்குத் தேதி சொல்ல வேண்டாமா? சொல்லலாம். கடந்த மூன்று ஸ்பிரிண்ட்களில் டீம் முடித்தது 21, 18, 24 பாயின்ட் என்று வையுங்கள். இன்னும் 126 பாயின்ட் வேலை பாக்கி. நன்றாக ஓடினால் ஆறு ஸ்பிரிண்ட், மந்தமாக ஓடினால் ஏழு. இரண்டு வார ஸ்பிரிண்ட் என்றால் 12 முதல் 14 வாரம். மீட்டிங், லீவு, நடுவில் வந்து விழும் அவசர பக், நம்முடைய வழக்கமான அதீத நம்பிக்கை எல்லாம் சராசரியான அந்த 21-க்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டன. மணிக்கணக்குப் போடும்போது நாம் மறப்பது இவற்றைத்தான். டீமில் பாதிப் பேர் மாறிவிட்டால் மட்டும் பழைய எண் உதவாது, புதிய எண்களைத் திரட்ட வேண்டும்.

நம்பிக்கை: பிளானிங் போக்கரில் கார்டுகள் வேறுபட்டால் சராசரி எடுத்தால் போதும்.

உண்மை: ஜேம்ஸ் கிரென்னிங் 2002-இல் எழுதிய இந்த முறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கார்டைத் திருப்புவதற்குக் காரணம் இருக்கிறது. டீம் லீட் முதலில் “மூணு” என்று சொல்லிவிட்டால், எட்டு நினைத்தவரும் ஐந்துக்கு இறங்கிவிடுவார்.

பாஸ்வேர்டு பக்கம் 3 என்று வைத்துக்கொண்டு ரீஃபண்டுக்குக் கார்டு போடுகிறார்கள்: 3, 5, 5, 13. சராசரி 6.5. அதை எழுதிவிட்டுப் போனால் கூட்டமே வீண். 13 போட்ட டெஸ்டரிடம் காரணம் கேட்க வேண்டும். “பாதிப் பணம் மட்டும் திருப்பித் தரணும்னா? கேட்வே ஒரே தகவலை ரெண்டு தடவை அனுப்பினா ரெண்டு தடவை பணம் போயிடாதா?” 3 போட்டவர் முழு ரீஃபண்டை மட்டும் மனதில் வைத்திருந்தார். மறுபடி போட்டால் 8, 8, 8, 13. எட்டு என்று எழுதலாம். அதைவிட நல்லது, பாதி ரீஃபண்டைத் தனி ஸ்டோரியாகப் பிரிப்பது.

நம்பிக்கை: வெலாசிட்டி கூடினால் டீம் வேகமாகிவிட்டது.

உண்மை: வெலாசிட்டியை அப்ரைசலில் சேர்த்துப் பாருங்கள், நேற்று 3 வாங்கிய வேலைக்கு இன்று 5 விழும். வெலாசிட்டி 21-லிருந்து 33-க்கு ஏறியும் ஸ்பிரிண்ட்டுக்கு அதே நான்கு வசதிகள்தான் வெளிவருகின்றன என்றால், பழைய பாஸ்வேர்டு பக்கத்துக்கு மறுபடி கார்டு போடச் சொல்லுங்கள்.