எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் மலச்சிக்கல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம், வீட்டுக்கு வந்த சில நாள்களிலேயே உறவினர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: “வெளிக்குப் போச்சா?” போகவில்லை என்றால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அந்த யோசனைகளில் பல, முழு வயிறு உள்ளவருக்குப் பொருந்தும். ஸ்லீவ் அறுவையில் வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது 100 முதல் 150 மில்லி கொள்ளும் ஒரு குழாய்தான். பைபாஸில் மிஞ்சும் பை இன்னும் சிறியது. அந்த அளவை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு யோசனையையும் எடைபோட வேண்டும்.

நம்பிக்கை: தினமும் போகாவிட்டால் ஏதோ கோளாறு

முதல் வாரங்களில் நீராகாரம் மட்டுமே உள்ளே போகிறது. சக்கை இல்லாதபோது மலமும் குறைவாகத்தான் சேரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போனாலும், அது மென்மையாக, முக்காமல் வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. எத்தனை நாள் ஆயிற்று என்பதைவிட, மலம் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக வந்தாலோ, வலித்தாலோ, முக்க வேண்டியிருந்தாலோ அதுதான் மலச்சிக்கல்.

நம்பிக்கை: நார்ச்சத்தைக் கூட்டினால் சரியாகிவிடும்

அதிகத் தீங்கு செய்வது இந்த நம்பிக்கைதான். மூன்றாவது வாரத்தில் வரக்கூடிய ஒரு நிலையை, ஒரு பெண்ணை வைத்தே பார்ப்போம். ஸ்லீவ் அறுவை செய்துகொண்டவர், ஐந்து நாளாக மலம் கழிக்கவில்லை. பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று இரண்டு ஸ்பூன் இசப்கோலை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறார். சற்று நேரத்தில் நெஞ்சுக்குக் கீழே அடைத்தாற்போல ஆகிறது. பிறகு கொழகொழவென்று வாந்தி. இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி ஊதும் பொருள். போதிய தண்ணீர் கூடவே போனால்தான் அது மலத்தை இளக்கும். இவருடைய வயிற்றில் அவ்வளவு தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்ற இடமில்லை. அதனால் குறுகிய இடத்தில் பசையாக நின்றுவிட்டது.

அவருடைய ஒரு நாளைக் கணக்கெடுத்தால் காரணம் தெரியும். தண்ணீர் 500 மில்லி, மோர் 150, காபி 100. ஆக மொத்தம் 750. தேவையோ குறைந்தது ஒன்றரை லிட்டர். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அறுவைக்கு முன்பு சோறு, குழம்பு, ரசம், காய், பழம் எல்லாவற்றிலும் தண்ணீர் இருந்தது. இப்போது சாப்பாடு நாலைந்து ஸ்பூன்தான் என்பதால் அந்தத் தண்ணீரும் போய்விட்டது. உடலுக்கு நீர் பற்றாதபோது பெருங்குடல் மலத்திலிருந்து மேலும் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மலம் இறுகுவது அதனால்தான்.

ஆகவே முதலில் தண்ணீர், பிறகுதான் நார். திட உணவுக்கு வந்த பின் நன்கு வெந்த காய், தோல் சீவிய பழம், பருப்பு என்று உணவு வழியாகவே நாரை மெல்லக் கூட்டலாம். இசப்கோல் தேவையா, எப்போது என்பதை அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

நம்பிக்கை: காலையில் ஒரு செம்பு வெந்நீர் குடித்தால் போதும்

ஒரு செம்பு இனி உள்ளே போகாது. மடமடவென்று குடித்தால் வலியும் குமட்டலும்தான் மிஞ்சும். காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை 16 மணி நேரம் விழித்திருக்கிறோம். சாப்பிடும்போதும், சாப்பிட்டு முடித்த அரை மணி நேரமும் குடிக்கக் கூடாது என்பதால் அதில் நாலு மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். மிச்சமுள்ள 12 மணி நேரத்தில், மணிக்கு ஒரு சின்ன காபி டம்ளர், அதாவது சுமார் 125 மில்லி குடித்தால் ஒன்றரை லிட்டர் ஆகிவிடும். அந்த டம்ளரையும் கால் மணிக்கு இரண்டு மடக்காகக் குடிக்க வேண்டும். நீர்மோர், வடிகட்டிய ரசம், பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர் கலந்த பால் எல்லாம் கணக்கில் சேரும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் பற்றவில்லை என்று பொருள்.

நம்பிக்கை: புரோட்டீன் பவுடர்தான் கட்டிவிடுகிறது

இப்படி நினைத்துப் பவுடரை நிறுத்துபவர்கள் தசையை இழக்கிறார்கள். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. இரண்டு முட்டையில் கிடைப்பது 12 கிராம்தான். சின்ன வயிற்றுக்கு மீதியைப் பவுடர் இல்லாமல் எட்டுவது ஆரம்ப மாதங்களில் கடினம். பவுடர் மலத்தைக் கட்டுவதில்லை. ஆனால் அதில் நார் இல்லை. அதைக் குடித்த நிறைவில் தண்ணீரும் குறைந்துவிடுகிறது. பவுடரை விடாமல் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும்.

நம்பிக்கை: சத்து மாத்திரையை நிறுத்தினால் தீரும்

இதில் பாதி உண்மை இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும். கால்சியம் கார்பனேட்டும் அப்படியே. அறுவை முடிந்ததும் தரப்படும் டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும், வாந்திக்கான ஆண்டன்செட்ரானும் குடலை மந்தமாக்கும். ஆனால் இரும்பை நிறுத்தினால் சில மாதங்களில் ரத்தசோகை வந்து நிற்கும். மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு அது இன்னும் சீக்கிரம் வரும். நிறுத்துவதற்குப் பதில் மருத்துவரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். கார்பனேட்டுக்குப் பதில் கால்சியம் சிட்ரேட் தரலாம். சுருங்கிய வயிற்றில் அது நன்றாகவும் உட்கிரகிக்கப்படும். இரும்பின் வகையை மாற்றலாம். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுப் போடுங்கள். இரும்பு மாத்திரையோடு டீ, காபி கூடாது.

மேலே பார்த்த பெண்ணுக்கும் இதுதான் வழி. இசப்கோலை நிறுத்தி, டிரமடாலுக்குப் பதில் பாராசிட்டமால், கார்பனேட்டுக்குப் பதில் சிட்ரேட், கூடவே மருத்துவர் எழுதிக்கொடுத்த பாலிஎத்திலீன் கிளைகால் பொடி. 17 கிராம் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஒரு மணி நேரத்தில் மெல்ல மெல்லக் குடித்து முடிக்க வேண்டும். அது குடலுக்குள் நீரைப் பிடித்துவைக்கும். பலன் தெரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அன்றே போகவில்லையே என்று இரட்டிப்பாக்கக் கூடாது. லாக்டுலோஸ் சிரப்பும் உதவும். சிலருக்கு வாயு உப்பும்.

நம்பிக்கை: ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்தால் வயிறு சுத்தமாகும்

வேண்டவே வேண்டாம். பேதியானால், ஏற்கெனவே பற்றாமல் இருக்கும் நீரும் உப்புகளும் போய்விடும். அதற்குப் பதில் காலை ஆகாரம் முடிந்து கால் மணியில், குடல் தானாக அசையும் நேரத்தில், கழிப்பறைக்குப் போய் உட்காருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டாக இருந்தால் காலடியில் ஒரு சின்ன முக்காலி வைத்து முழங்காலை உயர்த்துங்கள். பத்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். முக்கினால் மூலமும் ஆசனவாய் வெடிப்பும்தான் வரும்.

நம்பிக்கை: வயிற்று வலி வந்தால் அதுவும் மலச்சிக்கல்தான்

வலி விடாமல் கூடிக்கொண்டே போனால், வாந்தி வந்தால், வயிறு உப்பி வாயுகூடப் பிரியாவிட்டால், காய்ச்சலோ படபடப்போ இருந்தால் மலமிளக்கியைத் தொடாமல் உடனே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு, ஆண்டுகள் கழித்தும், குடல் உள்ளிடுக்கில் சிக்கி அடைபடலாம். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. ஆனால் அது தார் போல ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்தோடு போனால் உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம். அன்றைக்கே காட்டியாக வேண்டும்.