தாத்தாவிடம் சொல்லிக் காட்ட முடிகிற ஆங்கிலம்

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் செஞ்சி வட்டாரப் பிள்ளைகள் எஸ்ஓபி எழுத என்னிடம் வருவார்கள். முதல் பத்தியை முதலில் தமிழில், வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதச் சொல்வேன். அந்தத் தமிழ் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் கதை பெரிதாகிவிடும். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. தமிழ் வினைமுற்று மறைமுகமாகச் சொல்லிவிடும் சிலவற்றை ஆங்கிலம் வெளிப்படையாகக் கேட்கும். கேட்டதும் கையில் வருகிற பெரிய பதிலைப் போட்டுவிடுகிறோம்.

பனமலையிலிருந்து ஒரு மாணவர் வந்தார். வேதியியல் பட்டதாரி, பழஞ்சின்னப் பாதுகாப்பு படிக்க விண்ணப்பித்தார். அவர் தமிழில் எழுதியது இது: “எங்க ஊர் ஏரிக்கரைக் குன்றுமேல தாளகிரீசுவரர் கோயில். ராஜசிம்ம பல்லவன் கட்டினது. சின்ன வயசுல தாத்தாகூடப் போவோம். பக்கச் சன்னதிச் சுவர்ல குடைக்குக் கீழே நிக்கிற உமையோட ஓவியம். முன்னாடி நிறம் இன்னும் நல்லா இருந்துச்சாம். காலேஜ்ல படிக்கும்போது சுவரைப் பார்த்துக் குறிச்சோம்.”

அவருடைய முதல் ஆங்கில வடிவம் இப்படிப் போயிற்று: வாரந்தோறும் அந்த ஓவியத்தைப் பார்க்கப் போனேன்; கண்ணெதிரே அது மங்குவதைக் கண்டேன்; சுவரின் சிதைவை ஆவணப்படுத்தினேன்; அன்றே இத்துறைதான் என்று முடிவெடுத்தேன்.

‘போவோம்’ என்றால் எத்தனை தடவை என்று கேட்டேன். காணும் பொங்கலுக்கும் பள்ளி விடுமுறையிலும் என்றார். நம் ‘போவோம்’ வாரம் ஒரு முறைக்கும் ஆண்டுக்கு இரு முறைக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் ‘எவ்ரி வீக்’ என்று எழுதினால் அது கணக்கு. ‘பள்ளி விடுமுறைகளில்’ என்று திருத்தினோம்.

அடுத்தது ‘இருந்துச்சாம்’. அதிலுள்ள ‘ஆம்’ இது நான் பார்த்ததில்லை, கேட்டது என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த ஒட்டு விழுந்ததும், தாத்தா பார்த்தது பேரன் பார்த்ததாகிவிட்டது. சொன்னவரை உள்ளே கொண்டுவந்தோம்: தன் சிறுவயதில் நிறங்கள் இன்னும் தெளிவாக இருந்தன என்று தாத்தா சொல்வார். அதனால் பத்திக்கு நஷ்டம் இல்லை. ஒரே சுவரை இரண்டு தலைமுறை பார்த்திருக்கிறது என்பது தேர்வுக் குழுவுக்குத் தெரிகிறது.

மூன்றாவது ‘குறிச்சோம்’. யார் யார், என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஆசிரியர் ஒருவரோடு நான்கு மாணவர்கள். உப்புப் பூத்த வெள்ளைத் திட்டுகள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று டேப் பிடித்து அளந்து எழுதியது இவர். ‘டாக்குமென்டட்’ என்று தனியாளாகப் போட்டால் மற்ற நால்வரின் உழைப்பும் இவர் பெயரில் ஏறிவிடும். குழுவைச் சொல்லி, தன் பங்கைத் தனியாகச் சொன்னால் போதும். நேர்காணலில் கேள்வி வருவதும் அந்த அளவைப் பற்றித்தான்.

கடைசியாக, ‘அன்றே முடிவெடுத்தேன்’. அது தமிழ் வரைவில் இல்லவே இல்லை. மாதிரி எஸ்ஓபிகளைப் படித்ததில் ஒட்டிக்கொண்டது. உண்மையில் எப்போது தோன்றியது என்று கேட்டால், வகுப்பில் சுண்ணாம்பு பாடம் நடந்தபோது என்றார். நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். ஊர்க் கோயில் ஓவியமும் சுண்ணாம்புப் பூச்சின் மேல்தானே இருக்கிறது என்று அப்போதுதான் நினைவுக்கு வந்ததாம். இதைவிட நல்ல காரணம் ஒரு வேதியியல் மாணவருக்கு வேண்டுமா?

திருத்திய பத்தி ஆங்கிலத்தில் சுமார் 120 சொற்களுக்குள் அடங்கியது. வெளிநாட்டார் பனமலையை அறியமாட்டார்கள் என்பதால் ‘எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கப் பல்லவக் கோயில், தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில்’ என்று அரை வரி சேர்த்தோம். வரலாறு அதற்குமேல் வேண்டாம். பிறகு விடுமுறை, தாத்தாவின் பேச்சு, சுண்ணாம்பு வகுப்பு, டேப் அளவு என்று நடந்த வரிசையிலேயே வைத்தோம். ஒரு சுவரில் உப்பு பூக்கிறது, அடுத்த சுவரில் இல்லை. ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது, அதைப் படிக்கவே வருகிறேன் என்று பத்தி முடிந்தது.

இந்த முறையில் ஒரு சோதனை உண்டு. முடிந்த ஆங்கிலப் பத்தியை மூடி வைத்துவிட்டு, கதையில் வருகிற ஆளிடமே அதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். “நீ எங்கேடா வாராவாரம் வந்தே?” என்று தாத்தா கேட்டால், அந்த வரி இன்னும் சரியாகவில்லை. இந்தச் சோதனை மொழிநடையைச் சரிபார்க்காது. இலக்கணத்துக்கு ஆங்கிலம் தெரிந்த இன்னொருவர் பார்க்கத்தான் வேண்டும். அப்படிப் பார்ப்பவரிடம் தமிழ் வரைவையும் கூடவே கொடுங்கள். இல்லையென்றால், வரியை மெருகேற்றுவதாக நினைத்து அவர் மறுபடி ‘வாரந்தோறும்’ சேர்த்துவிடுவார்.