“எதுவானாலும் சரிங்க” என்னும் விடை

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று ஆழ்துளைக் கிணறு அமைக்கின்றன. துளையிடுமுன் வண்டிக்காரர் தோட்டக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்பார். துளையின் அகலம் எவ்வளவு? கேசிங் குழாய் எத்தனை அடி? எத்தனை அடியில் நிறுத்துவது? பல வேளைகளில் கிடைக்கும் விடை, “எதுவானாலும் சரிங்க, நீங்களே பாத்துப் போடுங்க” என்பதே. இவ்விடையை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது எவ்வாறு என்று இங்கு நோக்குவோம்.

முதலில், மூன்று கேள்விகளும் ஒரே தன்மையன அல்ல என்பதை உணர வேண்டும். கேசிங் குழாயின் நீளம் எவருடைய விருப்பத்தையும் பொறுத்ததன்று. மண்ணும் மக்கிய பாறையும் முடிந்து கெட்டிப் பாறை தொடங்கும் வரை அது இறங்கியாக வேண்டும். இல்லையேல் மேல்மண் சரிந்து துளையை மூடிவிடும். வெளிவரும் தூளின் நிறம் மாறுவதைக் கண்டு வண்டிக்காரரே இதை முடிவு செய்யலாம். குழாய்க்கு அடிக்கணக்கில் பணம் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொன்னால் போதும்.

அகலம் அவ்வாறன்று. நாலரை அங்குலத் துளையில் ஆறு அங்குல நீர்மூழ்கி மோட்டார் இறங்காது. ஆறரை அங்குலத் துளையில் இறங்கும். போட்ட துளையைப் பின்னர் அகலமாக்குவது எளிதன்று. ஆகவே, “எத்தனை அங்குலம்?” என்று கேளாமல், “வீட்டுக்கா, தோட்டத்துக்கா? என்ன மோட்டார் இறக்கப் போறீங்க?” என்று கேட்க வேண்டும். அங்குலக் கணக்கு அறியாதவரும் இதற்கு விடை சொல்வார்.

மூன்றாவது கேள்வி பணத்தைப் பற்றியது. ஆழம் கூடக்கூட அடிக்கூலியும் கூடும். 500 அடி வரை அடிக்கு 100 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு நூறடிக்கும் அடிக்கூலி 20 ரூபாய் உயரும் என்று வைத்துக்கொள்வோம். 500 அடிக்கு 50,000 ரூபாய் ஆகும். 800 அடிக்கு 12,000, 14,000, 16,000 சேர்ந்து 92,000 ரூபாய் ஆகிவிடும். தண்ணீரும் வராவிட்டால், “உங்களை யார் எண்ணூறு போடச் சொன்னது?” என்ற வழக்கு எழும். அவர் “எதுவானாலும்” என்றபோது நினைத்தது ஐந்நூறாக இருந்திருக்கலாம். கையிருப்பைச் சொல்லக் கூசியும் இருந்திருக்கலாம்.

இங்கு வண்டிக்காரர் தாமே ஓர் எல்லையை முன்வைப்பது நலம். “அப்படின்னா ஐந்நூறுல நிறுத்தறேங்க, ஐம்பதாயிரம் ஆகும். அதுக்கு மேல உங்களைக் கேட்காம ஓர் அடியும் போடமாட்டேன், சரிதானுங்களா?” என்று கேட்கலாம். தொகையைக் கேட்டதும், “ஐயோ, நானூறே போதுங்க” என்று உண்மையான விடை வெளிவருவதுண்டு. மீண்டும் “உங்க இஷ்டம்” என்றே சொன்னாலும் குறையில்லை. சொன்ன எல்லையைச் சீட்டில் எழுதி, அங்கே வண்டியை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும். அப்போது தூளும் ஈரமும் கண்முன் இருப்பதால், தோட்டக்காரரும் பார்த்து விடை சொல்ல இயலும்.