படத்தைக் கவிழ்த்துவிட்டுக் கேளுங்கள்

கேள்வி: வெளிநாட்டில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். படக்கதை காட்டி 'என்ன நடந்தது?' என்றால் எட்டு வயதுப் பிள்ளைகள் 'காக்கா பறக்குது' என்றே சொல்கிறார்கள். இறந்தகாலம் வரவேயில்லை. என்ன செய்வது?

பதில்: படம் கண்முன் இருக்கும்வரை அவர்களுக்கு அது இப்போது நடப்பதுதான். பாட்டி வடைக் கதையையே எடுங்கள். ஒரு படத்தைக் காட்டி, கவிழ்த்து வைத்துவிட்டு, 'நேத்து காக்கா என்ன பண்ணுச்சு?' என்று கேளுங்கள். 'தூக்குச்சு', 'பறந்துச்சு' என்று வரும். அது வீட்டில் கேட்ட தமிழ், தடுக்காதீர்கள். யாராவது 'பறக்குச்சு' என்றால், 'ஆமா, பறந்துச்சு, அப்புறம்?' என்று சரியான வடிவத்தைச் சொல்லிக்கொண்டே நகருங்கள்.

கதை முடிந்ததும் அவர்கள் சொன்னவற்றை எழுத்துத் தமிழில் பலகையில் எழுதுங்கள். தூக்கியது, பாடியது, ஓடியது ஒரு பக்கம். பறந்தது, விழுந்தது, வந்தது மறுபக்கம். 'ஒவ்வொரு பக்கமும் எது ஒரே மாதிரி ஒலிக்கிறது?' என்று கேளுங்கள். 'கேட்டது' இந்த இரண்டிலும் சேராத மூன்றாம் வகை. அதை அடுத்த வாரத்துக்கு வைக்கலாம். 'நட' என்ற புதுச் சொல்லைக் கொடுத்து, 'நடந்தது' என்று அவர்களே சரியான பக்கத்தில் சேர்த்த பிறகு 'இறந்தகாலம்' என்ற பெயரைச் சொல்லுங்கள்.