அவசர லீவு கேட்டு முதலாளிக்குப் போகும் கடிதம்

சிங்கப்பூரில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து வந்த தம்பிகள் தமிழில் எழுதித் தரும் லீவு கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதி மேனேஜர் மேசையில் வைப்பதும் என் பொறுப்பில் இருந்தது. புதுக்கோட்டை, சிவகங்கை, திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். அப்பாவுக்கு முடியவில்லை, அம்மாவுக்கு ஆபரேஷன், பாட்டி போய்விட்டார் என்று வரும் அந்தக் கடிதங்களை மேனேஜர் எப்படிப் படிக்கிறார், எந்த வரியில் பேனாவை எடுக்கிறார், எங்கே புருவத்தைச் சுருக்குகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்ததால் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர் எழுதியது. சாரம் இப்படி இருந்தது: "ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் தங்கள் கம்பெனியில் நான்காவது வருடமாக விசுவாசமாக வேலை செய்து வருகிறேன். இதுவரை எந்தத் தவறும் செய்ததில்லை. என் தந்தைக்குத் திடீரென்று கை கால் விழுந்துவிட்டது. மிகவும் சீரியஸாக இருக்கிறார். நான் வீட்டுக்கு ஒரே ஆண் பிள்ளை. தாங்கள் கருணை கூர்ந்து என்னை ஊருக்கு அனுப்பி வைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

தமிழில் படிக்கிற நமக்கு இதில் எல்லாம் இருக்கிறது. இதை வரிக்கு வரி ஆங்கிலத்தில் வைத்தால் மேனேஜருக்கு முடிவெடுக்கத் தேவையான ஒன்றுகூட இருக்காது. எத்தனை நாள்? எப்போது கிளம்புகிறார்? எப்போது திரும்புகிறார்? லீவா, வேலையை விட்டே போகிறாரா? கடைசிக் கேள்விதான் மிக ஆபத்தானது. "என்னை ஊருக்கு அனுப்பி வையுங்கள்" என்று நாம் பணிவாக எழுதுவதை ஆங்கிலத்தில் அப்படியே எழுதினால், பெர்மிட்டை ரத்து செய்துவிட்டு அனுப்பச் சொல்வதாகவே படிக்கப்படும். பெர்மிட் ரத்தானால் திரும்பி வர மறுபடி ஒரு வேலை, மறுபடி ஏஜென்டுக்குப் பணம். ஆகவே முதல் வரியிலேயே "விடுப்பு" என்ற சொல்லும், கிளம்பும் தேதியும், மறுபடி வேலைக்கு வரும் தேதியும் இருந்தாக வேண்டும்.

அடுத்தது, லீவு எந்தக் கணக்கில் போகிறது என்பது. சிங்கப்பூர் வேலைச் சட்டத்தில் குடும்பத்தில் நோய், இறப்பு என்பதற்காகத் தனி விடுப்பு கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் முதலாளி மனது வைக்க வேண்டும். சட்டப்படி இருப்பது ஆண்டு விடுப்புதான். மூன்று மாதம் வேலை பார்த்த பிறகு அந்த உரிமை வருகிறது. முதல் வருடம் 7 நாள், பிறகு வருடத்துக்கு ஒரு நாள் கூடி 14 வரை போகும். நான்காவது வருடத்தில் இருந்த அந்தத் தம்பிக்கு 10 நாள். நான்கு நாளை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார். மிச்சம் ஆறு. எனவே ஆறு நாள் சம்பளத்தோடு, மீதி நாட்கள் 'நோ பே லீவு' என்று கடிதத்திலேயே பிரித்து எழுதினோம். இப்படிப் பிரித்துக் கொடுத்தால் மேனேஜர் கணக்குப் பார்க்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டியதில்லை. அன்றே கையெழுத்தாகும்.

லெவியைப் பற்றி ஒரு வரி சேர்ப்பதும் பயன் தரும். பல ஊழியர்களுக்கு இது தெரியாது, சில சின்னக் கம்பெனிகளுக்கே தெரியாது. ஊழியர் தொடர்ந்து ஏழு நாளோ அதற்கு மேலோ வெளிநாட்டில் விடுப்பில் இருந்தால், அந்த நாட்களுக்கான லெவியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி முதலாளி மனிதவள அமைச்சில் விண்ணப்பிக்கலாம். ஒரு ஆண்டில் 60 நாள் வரை கிடைக்கும். இந்தத் தம்பி பெயரில் கம்பெனி மாதம் 900 வெள்ளி கட்டிக்கொண்டிருந்தது. நாளுக்கு 30 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. மூன்று வாரத்துக்கு ஏறத்தாழ 600 வெள்ளி. "ஆளும் இல்லை, லெவியும் கட்ட வேண்டும்" என்பதுதான் நீண்ட விடுப்பை மறுக்க முதலாளி மனதில் ஓடும் கணக்கு என்றால், அந்தக் கணக்குக்கு இந்த ஒரு வரி பதில் சொல்லிவிடும்.

இப்போது "ஒரே ஆண் பிள்ளை" என்ற வரிக்கு வருகிறேன். நம் கடிதத்தில் மிகக் கனமான வரி அதுதான். நமக்கு விளக்கம் வேண்டாம். மேனேஜருக்கு அது வெறும் குடும்ப விவரம். ஆபரேஷன் என்றால் கையெழுத்துப் போட இவர்தான் வேண்டும், அப்பா இறந்துவிட்டால் கொள்ளி வைக்க இவர்தான் வேண்டும் என்பதைக் கடிதம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இறப்பு விஷயத்தில் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சிங்கப்பூர்ச் சீனக் குடும்பங்களில் இறந்தவரின் உடலை மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று வைத்திருந்துதான் இறுதிச் சடங்கு செய்வார்கள். அந்த வழக்கத்தில் வளர்ந்த மேனேஜர், "இன்றைக்குக் கான்கிரீட் போடுகிறோம், நாளைக்கு ராத்திரி விமானத்தில் போ" என்று சொன்னால் அது கல்நெஞ்சம் அல்ல. நாளை மறுநாள் போனாலும் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று அவர் உண்மையாகவே நினைக்கிறார். நம் ஊரில் ஃப்ரீசர் பெட்டியில் வைத்தால்கூட மறுநாளுக்கு மேல் தாங்க மாட்டார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? "எங்கள் ஊர் வழக்கப்படி தகனம் நாளை மாலை நடக்கிறது. இன்று இரவு திருச்சி விமானத்தைப் பிடித்தால்தான் போய்ச் சேர முடியும்" என்று எழுதிக் கொடுத்தபோது அதே மேனேஜர் உடனே எழுந்து லாரி ஏற்பாடு செய்ததைப் பார்த்திருக்கிறேன். மலாய் சூப்பர்வைசர்களிடம் இந்த விளக்கம் தேவைப்பட்டதில்லை. அவர்கள் வழக்கத்திலும் ஒரு நாளுக்குள் அடக்கம் முடிந்துவிடும்.

எத்தனை நாள் என்பதற்கும் இதே விளக்கம் வேண்டும். தகனம் மறுநாளே முடிகிறது என்றால் மூன்று வாரம் எதற்கு என்று கேட்பார்கள். பதினாறாம் நாள் கருமாதி வரை மகன் ஊரில் இருக்க வேண்டும் என்று காரணத்தோடு எழுதினால் அந்த மூன்று வாரத்துக்கு ஒரு நியாயம் தெரியும். வெறும் 'ஒரு மாதம்' என்று எழுதினால் பேரம் பேசத்தான் தோன்றும்.

நோயைச் சொல்வதிலும் கவனம் தேவை. 'கை கால் விழுந்துவிட்டது' என்பதைப் பக்கவாதம் என்றும், 'சீரியஸ்' என்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாளாக இருக்கிறார் என்றும் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியின் பெயர், சேர்த்த தேதி இரண்டும் போதும். மருத்துவர் சொல்லாததை நாம் கூட்டி எழுதக்கூடாது. கூடவே அட்மிஷன் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வோம். டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும் என்று அலுவலகம் கேட்டால், நோயாளி வீட்டுக்குப் போகும்போதுதான் அது கிடைக்கும் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். இறப்புச் சான்றிதழும் அப்படியே. கிராமத்தில் வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் 21 நாளுக்குள் பதிவு செய்து வாங்குவது அது. கிளம்பும் அன்றே கையில் இருக்காது. "சான்றிதழைத் திரும்பி வரும்போது ஒப்படைக்கிறேன்" என்ற வரி அந்தச் சிக்கலைத் தீர்க்கும்.

உறவை நிரூபிக்கச் சொன்னால் அதற்கு வழி ஊழியரின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா, அம்மா, மனைவி பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. அந்தப் பக்கத்தையும் அட்மிஷன் சீட்டையும் சேர்த்து வைத்தால் போதும். ஆனால் சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், பாஸ்போர்ட்டில் வேறொன்று என்று இருப்பது நம் ஊரில் சகஜம். அந்த வித்தியாசத்தை அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே ஒரு வரியில் சொல்லிவிட்டால் சந்தேகம் எழாது. வளர்த்த பெரியம்மாவை 'அம்மா' என்று எழுதினால் பாஸ்போர்ட் காட்டிக்கொடுத்துவிடும். "அம்மாவின் அக்கா, சிறு வயதிலிருந்து என்னை வளர்த்தவர்" என்ற உண்மையே போதுமான பலமுள்ளது.

அந்தத் தம்பியின் கடிதம் கடைசியில் ஆங்கிலத்தில் போனபோது அதன் பொருள் இதுதான்:

"மார்ச் 5 முதல் 25 வரை 21 நாள் அவசர விடுப்பு கேட்கிறேன். மார்ச் 26 காலை வேலைக்கு வருவேன். இதில் ஆறு நாளை என் ஆண்டு விடுப்பில் கழித்து, மீதியைச் சம்பளமில்லா விடுப்பாகக் கொள்ளவும். என் தந்தை பக்கவாதத்தால் மார்ச் 3 அன்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, தீவிர சிகிச்சையில் இருக்கிறார். நான் ஒரே மகன். சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்திடவும், அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் இறுதிச் சடங்கு செய்யவும் நான்தான் இருக்க வேண்டும். அட்மிஷன் சீட்டையும் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் இணைத்துள்ளேன். என் சாரக்கட்டு வேலையை அதே குழுவில் உள்ள ஒருவர் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். என் விடுப்பு நாட்களுக்கு லெவி தள்ளுபடி கோரலாம். அலுவலகத்தில் உள்ள என் பாஸ்போர்ட்டை இன்று தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஊரில் என் தொலைபேசி எண் கீழே உள்ளது."

விசுவாசத்தையும் கருணையையும் நான் அதில் சேர்க்கவில்லை. தம்பிக்கு முதலில் மனக்குறைதான். "பணிவா எழுதலைன்னா கோவிச்சுக்குவாங்களே அக்கா" என்றார். உருக்கமான வரிகள் அதிகமானால் தேதியும் எண்ணும் அவற்றுக்கடியில் மறைந்துவிடும் என்று சொன்னேன். முடிவில் ஒரு நன்றி வரி போதும். பாஸ்போர்ட்டைக் கேட்பதும் தைரியம் அல்ல, முறைதான். கம்பெனி பாதுகாப்புக்காக வாங்கி வைத்திருந்தாலும் ஊழியர் கேட்டால் தர வேண்டும்.

கடிதம் கொடுப்பதற்கு முன் பெர்மிட் எப்போது முடிகிறது என்பதை SGWorkPass செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும்போது முடிந்துவிடும் என்றால், புதுப்பிக்கச் சொல்லிக் கடிதத்திலேயே கேட்க வேண்டும். சம்மதத்தை வாய் வார்த்தையாக மட்டும் வாங்காமல் மேனேஜரிடம் கையெழுத்தோ வாட்ஸ்அப் பதிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் நாட்கள் கூடும் போலிருந்தால், திரும்ப வேண்டிய தேதிக்கு நான்கைந்து நாள் முன்பே காரணத்தையும் புதுத் தேதியையும் எழுதி அனுப்புங்கள். தேதி கடந்த பிறகு போகும் செய்தியை யாரும் விடுப்பு நீட்டிப்பாகப் பார்ப்பதில்லை, ஆள் வரவில்லை என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

அவசரத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அதில் விடுப்பு என்று இருக்கிறதா, பெர்மிட் ரத்து அல்லது ராஜினாமா என்று இருக்கிறதா என்பதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அறையில் யாரும் இல்லையென்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. இன்றே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.